கைடுக்கு ஒரு மெயில்: 20 நிமிடம் கேட்பது எப்படி?

எம்.இ., எம்.டெக். படிக்கிறவர்கள் கடைசி இரண்டு செமஸ்டரில் தங்கள் கைடுக்கு நிறைய மெயில் அனுப்ப வேண்டியிருக்கும். அதில் அடிக்கடி அனுப்புவதும், பதிலே வராமல் கிடப்பதும் ஒரே ரகம்தான். அது இப்படி இருக்கும்:

"சார், என் தீசிஸ் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் எப்போது ஃப்ரீ என்று சொன்னால் வந்து பார்க்கிறேன். நன்றி."

படித்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது. தப்பு என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்து பாருங்கள். சார் இரண்டாவது பீரியட் முடித்து, மூன்றாவது பீரியடுக்குப் போகிற வழியில், மொபைலில் இதைத் திறக்கிறார். அவருக்கு உடனே மூன்று கேள்வி வருகிறது. எதைப் பற்றிப் பேசணும்? எவ்வளவு நேரம் ஆகும்? இந்த வாரமே பார்க்கணுமா, அடுத்த வாரம் போதுமா? மூன்றுக்கும் மெயிலில் விடை இல்லை. அதோடு, "எப்போது ஃப்ரீ" என்ற கேள்விக்குப் பதில் எழுத டைம் டேபிளை எடுத்து, இன்விஜிலேஷன் டியூட்டி பார்த்து, மீட்டிங் இருக்கா என்று பார்த்து, அப்புறம்தான் எழுத முடியும். "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று மூடிவிடுகிறார். சாயங்காலத்துக்குள் அதற்கு மேல் இன்னும் பத்து மெயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்த மெயில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. கைடு நடந்துகொண்டே "வியாழன் 11 மணிக்கு வா" என்று ஒரு வரி அடித்துவிட முடிய வேண்டும். அதற்கு மெயிலில் என்ன இருக்கணும், அதை எழுதும் முன்னால் நாம் என்ன செய்திருக்கணும் என்பதை ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். சிவில் உதாரணம்தான். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் பயப்பட வேண்டாம், வேண்டியதை அங்கங்கே விளக்கிவிடுகிறேன்.

நம்ம உதாரணம்

ஒரு மாணவி எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இரண்டாம் ஆண்டு, பேஸ் 2-ல் இருக்கிறார். சிமென்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஃபிளை ஆஷ் போட்டால் கான்கிரீட்டின் வலிமை என்ன ஆகிறது என்பது அவருடைய தலைப்பு. எம்30 கிரேடு கான்கிரீட். 0, 20, 30, 40 சதவீதம் என்று நான்கு கலவை. ஒவ்வொன்றிலும் 150 மி.மீ. கியூப் மூன்று போட்டு, தண்ணீரில் கியூரிங் செய்து, 28-வது நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்த்திருக்கிறார்.

மூன்று கலவையில் பிரச்சினை இல்லை. 30 சதவீதக் கலவையில் மட்டும் மூன்று கியூப்களும் 33.1, 24.6, 34.4 மெகாபாஸ்கல் கொடுத்திருக்கின்றன. சராசரி 30.7. ஐ.எஸ். 456 (2000) என்ன சொல்கிறது என்றால், மூன்று கியூபின் சராசரியைத்தான் முடிவாக எடுக்கணும்; ஆனால் எந்த ஒரு கியூபும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது; விலகினால் அந்த சாம்பிளின் முடிவே செல்லாது. 30.7-ல் 15 சதவீதம் 4.6. ஆக, 26.1-க்குக் கீழே எதுவும் போகக் கூடாது. 24.6 போய்விட்டது. முடிவு செல்லாது.

இப்போது இவர் கைடைப் பார்க்கணும். மெயில் எழுத உட்காருகிறார். தேதி மார்ச் 3, திங்கட்கிழமை.

எழுதும் முன்னால்: காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

"சீக்கிரம் பார்க்கணும் சார்" என்று எழுதினால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. எல்லோரும் சீக்கிரம் பார்க்கணும் என்றுதான் எழுதுகிறார்கள். சீக்கிரம் என்பதற்கு ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதிக்கு ஒரு காரணம் வேண்டும். கான்கிரீட்டில் அந்தக் காரணம் ரொம்பத் தெளிவாக இருக்கும், ஏனென்றால் 28 நாளை யாராலும் 20 நாளாக்க முடியாது.

மூன்றாவது ரிவ்யூ ஏப்ரல் 9, புதன். ஸ்லைடில் முடிவைப் போட, கிராஃப் வரைய ஒரு நாளாவது வேண்டும். அப்படியானால் கியூபை ஏப்ரல் 7, திங்கட்கிழமை டெஸ்ட் பண்ணியாகணும். அதிலிருந்து 28 நாள் பின்னால் போனால் மார்ச் 10, திங்கட்கிழமை. அன்றைக்குக் கான்கிரீட் மோல்டுக்குள் இருக்கணும். அதற்கு முன்னால் மெட்டீரியல் எடை போட்டு வைக்கணும், மோல்டு ஒதுக்கி வாங்கணும். பி.இ. பசங்களுக்கும் அதே மோல்டில்தான் லேப் நடக்கிறது. லேப் இன்சார்ஜிடம் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால்தான் திங்கட்கிழமை கிடைக்கும். ஆக, கைடின் முடிவு வியாழக்கிழமை, மார்ச் 6-க்குள் கையில் இருக்கணும்.

இந்த எண்ணிக்கை எழுதுகிறவருக்கே முதலில் பயன்படுகிறது. இதைப் போட்டுப் பார்க்காமல் இருந்தால், ரிவ்யூவுக்கு ஐந்து வாரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் மெயில் அனுப்பியிருப்பார். அப்போது கைடு உடனே பதில் போட்டாலும் பயன் இல்லை.

மற்ற துறைகளிலும் இப்படி அசைக்க முடியாத ஒரு நீளம் இருக்கும். மாடல் ஒரு முறை டிரெயின் ஆக நான்கு நாள் ஓடும் என்றால் அது. பி.சி.பி. ஆர்டர் கொடுத்து வர இரண்டு வாரம் என்றால் அது. வெளியில் ஒரு லேபில் எஸ்.இ.எம். எடுக்க வரிசையில் காத்திருக்கிற நாட்கள் என்றால் அது. உங்கள் வேலையில் எது சுருங்காதோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கேட்க வேண்டியது எது?

"தீசிஸ் ப்ராக்ரஸ் பற்றிப் பேசணும்" என்பதில் கைடு என்ன செய்யணும் என்பது இல்லை. இதுவரை நடந்ததைச் சொல்வது மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்குச் சந்திப்பே வேண்டாம், ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். நேரில் பார்க்கணும் என்கிறோம் என்றால், நாமாக எடுக்க முடியாத, எடுக்கக் கூடாத ஒரு முடிவு நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். அந்த முடிவு எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மெயிலில் கஷ்டமான பகுதி.

நம்ம மாணவிக்கு அது என்ன? "30 சதவீதத்தை மறுபடி போடலாமா" என்று கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் அதற்கு விடை அவருக்கே தெரியும். சாம்பிள் செல்லாது என்று கோடு சொல்லிவிட்டது, மறுபடி போட்டுத்தான் ஆகணும். இதைக் கைடிடம் கேட்டால், "இது கூடவா தெரியாது?" என்று ஒரு பார்வைதான் கிடைக்கும்.

கொஞ்சம் தோண்டினால் நிஜமான கேள்வி கீழே இருக்கிறது. முதலில் போட்டபோது இருந்த சிமென்ட் தீர்ந்துவிட்டது. இப்போது போட்டால் புது மூட்டை. சிமென்ட் ஒரு லாட்டிலிருந்து இன்னொரு லாட்டுக்கு வலிமையில் கொஞ்சம் மாறும். 30 சதவீதக் கலவையை மட்டும் புது சிமென்டில் போட்டு, பழைய சிமென்டில் போட்ட 0 சதவீதத்தோடு ஒப்பிட்டால், தெரிகிற வித்தியாசம் ஃபிளை ஆஷால் வந்ததா, சிமென்டால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் 0 சதவீதத்தையும் புது சிமென்டில் மறுபடி போடணுமா என்பதுதான் கேள்வி. 3 கியூபா, 6 கியூபா? 6 என்றால் கிட்டத்தட்ட 50 கிலோ கான்கிரீட், 6 மோல்டு, கியூரிங் டேங்கில் இரண்டு மடங்கு இடம். 20, 40 சதவீதம் இரண்டும் அப்போதும் பழைய சிமென்டிலேயே நிற்கும், அதைத் தீசிஸில் எப்படிக் காட்டுவது என்பதும் இதோடு சேர்ந்து வரும். இது கைடு எடுக்க வேண்டிய முடிவு.

அதற்கு முன்னால் நாமே பார்த்து முடிக்கக்கூடியதை முடித்துவிடணும். அந்த 24.6 ஏன் வந்தது? உடைந்த கியூபைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் விடை அதிலேயே இருக்கலாம். ஒழுங்காக உடைந்த கியூப் நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு வடிவம் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிளந்து போயிருந்தால், மெஷினில் சரியாக நடுவில் வைக்கவில்லை, அல்லது கியூபின் முகம் சமமாக இல்லை என்று சந்தேகப்படலாம். மூலையில் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு மாதிரி இருந்தால், மோல்டில் போடும்போது கம்பாக்ஷன் சரியாக நடக்கவில்லை. நம்ம மாணவி பார்த்தபோது ஒரு மூலையில் தேன்கூடு தெரிகிறது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார். கைடு முதலில் கேட்கப் போவது இதுதான், "கியூபைப் பார்த்தியா?" மெயிலிலேயே விடை இருந்தால் சந்திப்பில் ஐந்து நிமிடம் மிச்சம்.

மெயில்

நம்ம ஊரில் இந்த மெயிலைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். இங்கே தமிழில் தருகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் வரிசை இதுதான்.

> பொருள்: 30% ஃபிளை ஆஷ் கியூப் மறுபடி போடுவது – 20 நிமிட சந்திப்பு, மார்ச் 6-க்குள்
>
> மதிப்பிற்குரிய சார்,
>
> வணக்கம். தங்களிடம் ஃபிளை ஆஷ் கான்கிரீட் தலைப்பில் எம்.இ. பேஸ் 2 செய்து வருகிறேன். 30% கலவையை மறுபடி போடுவதில் தங்கள் முடிவு ஒன்று தேவைப்படுகிறது. அதற்காக 20 நிமிடம் தங்களைச் சந்திக்க அனுமதி வேண்டுகிறேன்.
>
> 28 நாள் சோதனையில் 30% கலவையின் மூன்று கியூப்கள் 33.1, 24.6, 34.4 மெகாபாஸ்கல் கொடுத்தன. இரண்டாவது கியூப் சராசரியிலிருந்து சுமார் 20% விலகுவதால் ஐ.எஸ். 456-ன்படி இந்த முடிவு செல்லாது. அந்தக் கியூபின் ஒரு மூலையில் தேன்கூடு தெரிகிறது. மற்ற மூன்று கலவைகளில் விலகல் 15%-க்குள் இருக்கிறது.
>
> பழைய சிமென்ட் தீர்ந்துவிட்டதால் புது மூட்டையில்தான் போட வேண்டும். எனவே, (அ) 30% மட்டும் 3 கியூப் போடுவதா, (ஆ) ஒப்பிடுவதற்காக 0% கலவையையும் சேர்த்து 6 கியூப் போடுவதா என்று தாங்கள் சொல்ல வேண்டும். (ஆ) சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.
>
> ரிவ்யூ ஏப்ரல் 9. ஏப்ரல் 7-ல் சோதனை செய்ய மார்ச் 10-ல் கியூப் போட வேண்டும்.
>
> புதன் (மார்ச் 5) மதியம் 3.30-க்குப் பிறகும், வியாழன் (மார்ச் 6) காலை 10.30 முதல் 12 வரையும் என்னால் வர முடியும். தங்களுக்கு வேறு நேரம் வசதி என்றாலும் வருகிறேன்.
>
> முடிவுகளின் அட்டவணையும் கியூபின் போட்டோவும் ஒரே பக்கத்தில் இணைத்திருக்கிறேன்.
>
> நன்றி.
> பெயர், பதிவு எண், மொபைல் எண்

இதில் எது எதற்கு?

பொருள் வரியில் மூன்று விஷயம் இருக்கிறது: எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்போதைக்குள். மெயிலைத் திறக்காமலே கைடுக்கு இது தெரிந்துவிடும். "மீட்டிங் ரெக்வெஸ்ட்" என்று மட்டும் போட்டால், அதே தலைப்பில் நான்கு பேர் அனுப்பியிருப்பார்கள். பிறகு தேடும்போதும் கிடைக்காது.

முதல் பத்தியில் யார், என்ன வேண்டும் என்பது முடிந்துவிடுகிறது. ஒரு கைடிடம் நாலைந்து எம்.இ. பேர், அதற்கு மேல் பி.இ. பேட்ச்கள், பி.எச்.டி. ஸ்காலர்கள் இருப்பார்கள். நம் தலைப்பு நமக்குத்தான் மனப்பாடம், அவருக்கு இல்லை. "ஃபிளை ஆஷ் கான்கிரீட்" என்ற மூன்று வார்த்தையில் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். சிலர் இங்கே "தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்" என்று நான்கு வரி எழுதுவார்கள். அதையும் அவர் படித்து முடிக்கணும். "20 நிமிடம்" என்று சொல்லி, 20 நிமிடத்தில் எழுந்து வந்தால் அதுதான் அவருடைய நேரத்துக்கு நாம் காட்டுகிற மரியாதை.

இரண்டு வழியைச் சொல்லி, நாம் எதை நினைக்கிறோம் என்றும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கைடு கேட்கத்தான் போகிறார். ஒருவேளை அவர் பஸ்ஸில் வரும்போதே படித்துவிட்டு, "ஆ-வே செய், பார்க்க வரவே வேண்டாம்" என்று பதில் போட்டுவிடலாம். சந்திப்பு கேட்டு எழுதின மெயிலுக்குச் சந்திப்பு கிடைக்கவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது.

நேரத்தில் இரண்டைத்தான் கொடுத்திருக்கிறார். ஆறு கொடுத்தால் தேர்ந்தெடுப்பதே ஒரு வேலை. ஒன்றை மட்டும் கொடுத்தால் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். இரண்டு நேரமும் வேறு வேறு நாள், வேறு வேறு வேளை. கைடின் கிளாஸ் டைம் டேபிள் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். அவருக்குக் கிளாஸ் இருக்கிற பீரியடையே கேட்டு வைக்காமல் இருக்க ஒரு தடவை அதைப் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு ஒரே பக்கம், பி.டி.எஃப். மொபைலில் எக்செல் ஃபைல் சரியாகத் திறக்காது. பெயரும் `final_new2.pdf` என்று இருந்தால் டவுன்லோடு ஃபோல்டரில் தொலைந்துவிடும். `FlyAsh30_28day_March3.pdf` என்று இருந்தால் திறக்காமலே தெரியும்.

அந்த 24.6-ஐ என்ன செய்வது?

இந்த மெயிலை எழுதும்போது ஒரு சபலம் வரும், அதைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 24.6-ஐ மட்டும் எடுத்துவிட்டால் மற்ற இரண்டின் சராசரி 33.75. கிராஃபில் அழகாக உட்காரும். அதுவும் வேண்டாம், மூன்றையும் சேர்த்தே 30.7 என்று மட்டும் எழுதினாலும், எம்30-க்கு 30-ஐத் தாண்டிவிட்டதே, யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். அப்படி எழுதிவிட்டால், "எல்லா முடிவும் வந்துவிட்டது சார், ப்ராக்ரஸ் காட்ட ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று சந்தோஷமாக ஒரு மெயில் அனுப்பலாம்.

அந்த மெயில் போனால் என்ன நடக்கும்? கைடு சரி என்பார். மார்ச் 10 கடந்து போகும். ஏப்ரல் 9 அன்று ரிவ்யூ பேனலில் ஒருவர், "தனித்தனி கியூப் வேல்யூ எங்கே?" என்று கேட்பார். கான்கிரீட் தெரிந்த எவரும் சராசரியைப் பார்த்தவுடன் கேட்கிற கேள்வி அது. அப்போது மறுபடி போட இன்னும் 28 நாள் வேண்டும். தீசிஸ் சப்மிஷன் அதற்குக் காத்திருக்காது. லேப் ரெஜிஸ்டரில் மூன்று எண்ணும் எழுதப்பட்டிருக்கும், தீசிஸில் இரண்டுதான் இருக்கும். அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கைடின் கையெழுத்தும் அதே தீசிஸில்தான் இருக்கப்போகிறது.

கெட்ட செய்தியை மெயிலின் நடுவில் புதைக்காமல், மூன்று எண்ணையும் அப்படியே எழுதியதற்குக் காரணம் இதுதான். கைடு திட்டுவாரா? திட்டலாம். கம்பாக்ஷனை ஒழுங்காகப் பார்க்கவில்லையா என்று நிச்சயம் கேட்பார். ஆனால் மார்ச் 6-ல் வாங்குகிற திட்டுக்குப் பிறகு செய்ய ஒரு வழி இருக்கிறது.

பதில் வரவில்லை என்றால்

எவ்வளவு நல்ல மெயிலானாலும் சில நேரம் பதில் வராது. சார் பேப்பர் வேல்யுவேஷனில் இருக்கலாம், வேறு காலேஜுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருக்கலாம், அக்ரெடிட்டேஷன் ஃபைல் வேலையில் மாட்டியிருக்கலாம். திங்கட்கிழமை அனுப்பினீர்கள், வியாழன்தான் கடைசி. புதன்கிழமை காலை வரை பொறுத்திருக்கலாம். அதற்கு மேல் சும்மா இருந்தால் நாம் எண்ணி வைத்த தேதிதான் ஓடும்.

புதன் காலை புது மெயில் போடாமல் அதே மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள், பழையது கீழேயே இருக்கும். இரண்டு வரி போதும்: "சார், திங்கட்கிழமை அனுப்பிய கேள்விக்கு (3 கியூபா, 6 கியூபா) தங்கள் முடிவு நாளைக்குள் கிடைத்தால் மார்ச் 10-ல் போட முடியும். இன்று மதியம் 3.30-க்குத் தங்கள் கேபினுக்கு வந்து பார்க்கலாமா?" "ரிமைண்டர்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டாம்.

நம்ம காலேஜில் இன்னொரு வசதி இருக்கிறது, கேபின் பக்கத்து பிளாக்கில்தான். நேரே போய் நிற்கலாம், தப்பில்லை. மெயில் அனுப்பிவிட்டுப் போவதற்கும், அனுப்பாமல் போவதற்கும் வித்தியாசம் உண்டு. கதவருகே நின்று, "சார், திங்கட்கிழமை கியூப் பற்றி ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், ஒரு நிமிஷம் வரலாமா?" என்றால், அவர் மொபைலைத் திறந்து அங்கேயே படித்துவிடுவார். எண்கள், போட்டோ, இரண்டு வழி எல்லாம் அதில் இருக்கிறது. நின்றுகொண்டே முடிந்துவிடலாம். மெயில் இல்லாமல் போனால் முதலிலிருந்து கதை சொல்லணும், நடுவில் யாராவது ஃபைலோடு வந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் அனுப்பலாமா என்பது கைடைப் பொறுத்தது. அவர் ஏற்கெனவே அதில் உங்களோடு பேசுகிறவர் என்றால் அனுப்பலாம். இல்லை என்றால் இதை வைத்து ஆரம்பிக்க வேண்டாம்.

காத்திருக்கிற நாட்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கும் ஒரு கோடு இருக்கிறது. திருப்பி எடுக்கக்கூடிய வேலையைச் செய்து வைக்கலாம். மணலைக் காய வைப்பது, ஃபிளை ஆஷ் போதுமா என்று பார்ப்பது, லேப் இன்சார்ஜிடம் "ஆறு மோல்டு வேண்டியிருக்கலாம் அண்ணா" என்று சொல்லி வைப்பது எல்லாம் இதில் சேரும். மூன்று போதும் என்று கைடு சொன்னால் மீதி மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் கலந்து ஊற்றிவிட்ட கான்கிரீட்டைத் திருப்பி எடுக்க முடியாது. அதற்கு அவர் வார்த்தை வேண்டும். சார் ஊரிலேயே இல்லை, போனிலும் கிடைக்கவில்லை என்றால், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டரிடம் அதே மெயிலைக் காட்டி வழி கேட்கலாம். அப்படிச் செய்தால், செய்ததைக் கைடுக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். வேறொருவர் சொல்லி அவருக்குத் தெரிய வரக் கூடாது.

பார்த்துவிட்டு வந்த பிறகு

வியாழன் 11 மணிக்குச் சந்திப்பு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். கைடு இரண்டையும் போடச் சொல்கிறார். அதோடு, ஃபிளை ஆஷ் மெதுவாகத்தான் வலிமை ஏறும், அதனால் 30 சதவீதத்தில் இன்னும் மூன்று கியூப் கூடப் போட்டு 56-வது நாளும் பாரு என்கிறார். மார்ச் 10-லிருந்து 56 நாள் என்றால் மே 5. ரிவ்யூவுக்கு வராது, தீசிஸுக்கு வரும். பேச்சுவாக்கில் சொன்னது இது. வெளியே வந்து கேன்டீன் போவதற்குள் பாதி மறந்துவிடும், அவருக்கோ முழுதும் மறந்துவிடும்.

அதனால் அன்று சாயங்காலத்துக்குள் அதே மெயிலுக்குக் கீழே இன்னொரு ரிப்ளை:

> சார், இன்று தாங்கள் நேரம் கொடுத்ததற்கு நன்றி. தாங்கள் சொன்னதாக நான் குறித்துக்கொண்டவை:
> 1. மார்ச் 10-ல் புது சிமென்டில் 0% – 3 கியூப், 30% – 6 கியூப்.
> 2. 28 நாள் சோதனை (0%, 30%) ஏப்ரல் 7. 56 நாள் சோதனை (30% மட்டும்) மே 5.
> 3. பழைய 30% முடிவை, செல்லாததற்கான காரணத்தோடு தீசிஸில் குறிப்பிட வேண்டும்.
> 4. 20%, 40% கலவைகள் பழைய சிமென்டில் போட்டவை என்று அட்டவணையில் காட்ட வேண்டும்.
> ஏதேனும் தவறாக இருந்தால் தெரிவிக்கவும்.

இதற்குப் பதில் வரணும் என்று அவசியம் இல்லை. தப்பு இருந்தால் மட்டும் அவர் எழுதுவார். ஏப்ரல் 9 அன்று பேனலில் யாராவது, "ஒரே அட்டவணையில் ஏன் இரண்டு தேதி, இரண்டு சிமென்ட்?" என்று கேட்டால், மாணவி சொல்கிற விடையும் கைடு சொல்கிற விடையும் ஒன்றாக இருக்கும். இரண்டு பேரும் அன்று காலையில் இதே மெயிலைத்தான் திறந்து பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.